இரண்டு மோட்டார்: தொடர் இணைப்பா, பக்க இணைப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிணத்துல 5 எச்.பி. மோட்டார் ஒண்ணு ஓடுது. அதே மாதிரி இன்னொண்ணு சேர்த்தா தண்ணி ரெண்டு மடங்கு வருமா?

வராது. எவ்வளவு கூடும் என்பதை மோட்டாரை விட உங்கள் குழாய்தான் முடிவு செய்யும்.

ஒரே கிணற்றை வைத்துப் பார்ப்போம். இந்தப் பக்கம் முழுவதும் அதே கிணறுதான். நீர்மட்டம் பம்பிலிருந்து 5 மீட்டர் கீழே இருக்கிறது. தண்ணீர் விழும் வயல் பம்பிலிருந்து 15 மீட்டர் மேட்டில், 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆக, தூக்க வேண்டிய உயரம் 20 மீட்டர். போட்டிருப்பது 75 மி.மீ. பி.வி.சி. குழாய், அதன் உள்விட்டம் சுமார் 70 மி.மீ. மோனோபிளாக் பம்ப், வால்வை முழுக்க மூடினால் 40 மீட்டர் ஹெட் காட்டும், அதாவது தண்ணீரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அழுத்தம். வினாடிக்கு 8 லிட்டர் தள்ளும்போது 28 மீட்டருக்கு இறங்கும். 5 எச்.பி.யில் சாதாரணமாகக் கிடைக்கும் பம்ப்தான் இது.

ஒரு பம்ப் மட்டும் ஓடினால் இந்தக் குழாயில் வினாடிக்கு 6.6 லிட்டர் வரும். 200 லிட்டர் டிரம் 30 வினாடியில் நிரம்பும். அப்போது பம்ப் கொடுக்கும் 32 மீட்டர் ஹெட்டில் 20 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. மீதி 12 மீட்டரைக் குழாயின் உராய்வு தின்றுவிடுகிறது. சிக்கலே அந்த 12 மீட்டரில்தான். உராய்வு இழப்பு நீரோட்டத்தின் வர்க்கமாக ஏறும். தண்ணீரை இரண்டு மடங்காக்க நினைத்தால் உராய்வு நான்கு மடங்காகி 48 மீட்டர் கேட்கும். உயரத்தையும் சேர்த்தால் 68 மீட்டர். அருகருகே வைத்த இரண்டு 40 மீட்டர் பம்புகளால் அதை எட்டவே முடியாது.

தொடர், பக்கம்னு சொல்றீங்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பக்க இணைப்பில், அதாவது பேரலலில், இரண்டு பம்பும் கிணற்றிலிருந்து தனித்தனியாக உறிஞ்சி ஒரே டெலிவரிக் குழாயில் விடும். சேருமிடத்தில் அழுத்தம் இரண்டுக்கும் ஒன்றே. அந்த அழுத்தத்தில் ஒவ்வொன்றும் தள்ளும் அளவைக் கூட்டினால் மொத்த நீர் கிடைக்கும். வால்வை மூடினால் அழுத்தம் 40 மீட்டரிலேயே நிற்கும். இரண்டாவது பம்ப் அதை ஒரு மீட்டர்கூட உயர்த்தாது.

தொடர் இணைப்பில், அதாவது சீரீஸில், முதல் பம்பின் டெலிவரி இரண்டாவதன் சக்‌ஷனுக்குள் போகும். அதே தண்ணீர் இரண்டையும் கடக்கிறது என்பதால் அளவு கூடாது, ஹெட் கூடும். வால்வை மூடினால் 80 மீட்டர், அதாவது 8 கிலோ பிரஷர். 10 மீட்டர் ஹெட்டை 1 கிலோ என்று வைத்துக்கொண்டால் இந்த வேலைக்குப் போதும்.

போர்வெல் சப்மெர்சிபிளில் ‘15 ஸ்டேஜ்’ என்று சொல்வதும் தொடர் இணைப்புதான். ஒரே தண்டில் 15 இம்பெல்லர்கள். ஒன்று தள்ளியதை அடுத்தது வாங்கித் தள்ளுகிறது.

அப்போ தண்ணி வேணும்னா பேரலல், பிரஷர் வேணும்னா சீரீஸ், அவ்வளவுதானே?

எல்லோரும் சொல்வது இதுதான். பாதி இடங்களில் ஏமாற்றுவதும் இதுதான். மேலே சொன்ன கிணற்றில் ஆறு விதமாகக் கணக்குப் போட்டால் என்ன வருகிறது என்று பாருங்கள். இதில் 110 மி.மீ. குழாயின் உள்விட்டம் 104 மி.மீ. என்று வைத்திருக்கிறோம்.

| குழாய் | பம்ப் | வினாடிக்கு லிட்டர் | மொத்த ஹெட் (மீட்டர்) | 200 லிட்டர் டிரம் நிரம்ப |
|---|---|---|---|---|
| 75 மி.மீ. | ஒன்று | 6.6 | 32 | 30 வினாடி |
| 75 மி.மீ. | இரண்டு, பக்க இணைப்பு | 8.0 | 37 | 25 வினாடி |
| 75 மி.மீ. | இரண்டு, தொடர் இணைப்பு | 9.7 | 45 | 21 வினாடி |
| 110 மி.மீ. | ஒன்று | 9.4 | 23 | 21 வினாடி |
| 110 மி.மீ. | இரண்டு, பக்க இணைப்பு | 15.4 | 29 | 13 வினாடி |
| 110 மி.மீ. | இரண்டு, தொடர் இணைப்பு | 12.1 | 25 | 17 வினாடி |

75 மி.மீ. வரிசையைப் பாருங்கள். தண்ணீர் வேண்டும் என்றுதான் இரண்டாவது மோட்டாரை வாங்குகிறோம். ஆனால் பக்க இணைப்பை விடத் தொடர் இணைப்பே அதிகத் தண்ணீர் தருகிறது. குறுகிய குழாயில் தண்ணீரைத் தடுப்பது உராய்வு. உராய்வை வெல்ல ஹெட் வேண்டும், அதைத் தருவது தொடர் இணைப்பு. பக்க இணைப்பில் ஒவ்வொரு பம்பும் வினாடிக்கு 4 லிட்டர்தான் தள்ளுகிறது. தனியாக ஓடியபோது 6.6 தள்ளிய பம்ப் அது. இரண்டு மோட்டார் ஓடியும் 20 சதவீதத் தண்ணீர்தான் கூடியது.

110 மி.மீ. குழாயில் கதை தலைகீழ். அங்கே உராய்வு சொற்பம். பக்க இணைப்பு 15.4 லிட்டர் தருகிறது, தொடர் இணைப்பு 12.1-தான்.

நான்காவது வரியை இன்னொரு முறை பாருங்கள். குழாயை மட்டும் 110-க்கு மாற்றி, பழைய ஒற்றை மோட்டாரையே ஓட்டினால் வினாடிக்கு 9.4 லிட்டர். குறுகிய குழாயில் இரண்டு மோட்டாரைத் தொடராகக் கட்டி எடுக்கும் தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம். மின்செலவு பாதி. இரண்டாவது மோட்டார், ஸ்டார்ட்டர், கேபிள், கூடுதல் பளுவுக்கான அனுமதி எதுவும் வேண்டாம். 300 மீட்டர் குழாயின் விலையையும் பள்ளம் தோண்டும் கூலியையும் இதனுடன் ஒப்பிட்டுவிட்டுப் பிறகு மோட்டார் கடைக்குப் போங்கள்.

என் குழாய் எந்த ரகம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அளவெல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு.

ஒரு பிரஷர் கேஜும் ஒரு டிரம்மும் போதும். டெலிவரியில், தண்ணீரைத் திரும்ப விடாத வால்வான என்.ஆர்.வி.க்குப் பிறகு 0–7 கிலோ கேஜ் ஒன்றைப் பொருத்துங்கள். மோட்டாரை ஓடவிட்டு, வயலில் தண்ணீர் சீராக விழும்போது கேஜைப் பாருங்கள். நம் கிணற்றில் அது 2.7 கிலோ காட்டும். பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். என்.ஆர்.வி. நன்றாக மூடினால் குழாயில் தண்ணீர் நிறைந்தே நிற்கும், கேஜ் 1.5 கிலோவில் நிற்கும். அது வயலின் 15 மீட்டர் உயரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.2 கிலோ, அதாவது 12 மீட்டர். குழாயில் போகும் உராய்வு அதுதான். நின்றபின் முள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் என்.ஆர்.வி. கசிகிறது அல்லது குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வித்தியாசம் 3 மீட்டருக்குள் இருந்தால் குழாய் தாராளமாக இருக்கிறது. தண்ணீரைக் கூட்டப் பக்க இணைப்பு பொருந்தும். 10 மீட்டரைத் தாண்டினால் குழாய்தான் தடை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு பெரிய விஷயமல்ல. நம் பம்ப் இரண்டின் தொடர் வரைகோடும் பக்க வரைகோடும் வினாடிக்கு 11 லிட்டர், 34 மீட்டர் என்ற புள்ளியில் ஒன்றையொன்று வெட்டும். டிரம் நிரம்பும் நேரத்தை வைத்து இப்போது வினாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று கண்டுபிடித்து, கேஜ் காட்டிய உராய்வை வர்க்கக் கணக்கில் ஏற்றி, தூக்கும் உயரத்தையும் கூட்டி, 11 லிட்டர் போனால் உங்கள் குழாய் எத்தனை மீட்டர் கேட்கும் என்று பாருங்கள். நம் 75 மி.மீ. குழாய் சுமார் 52 மீட்டர் கேட்கும். 34-ஐ விட அதிகம், எனவே தொடர். 110 மி.மீ. 24.5 மீட்டர்தான் கேட்கும்; எனவே பக்கம். வேறு பம்ப் என்றால் வெட்டும் புள்ளியும் மாறும். நிறுவனம் தரும் ஹெட்–டிஸ்சார்ஜ் அட்டவணையை வைத்துக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்ளலாம்.

வேற ஒரு பழைய 3 எச்.பி. மோட்டார் சும்மா கிடக்கு. அதையே பக்கத்துல சேர்த்துடலாமா?

எச்.பி.யைப் பார்க்காதீர்கள், வால்வு மூடிய நிலையில் அது காட்டும் ஹெட்டைப் பாருங்கள். பழைய பம்ப் அதிகபட்சம் 32 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. குழாயில் பெரிய பம்ப் மட்டும் ஓடும்போதே சேருமிடத்தில் 32 மீட்டர் இருக்கிறது. சின்ன பம்பால் அந்த அழுத்தத்தைத் தள்ளித் திறக்க முடியாது. அதன் என்.ஆர்.வி. மூடியே கிடக்கும். மோட்டார் சுற்றும், ஆம்பியர் வழக்கத்தை விடக் குறைவாகக் காட்டும், உள்ளே அடைபட்ட தண்ணீர் சூடாகும். கேசிங்கைத் தொட்டால் கை சுடும். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கல் சீல் போய்விடும். என்.ஆர்.வி. போடவில்லை என்றால் இன்னும் மோசம்: பெரிய பம்பின் தண்ணீர் சின்ன பம்ப் வழியாகவே கிணற்றுக்குத் திரும்ப முயலும்.

அதே பழைய பம்ப் 110 மி.மீ. குழாயில் உதவும். அங்கே சேருமிட ஹெட் 23 மீட்டரை ஒட்டியே இருப்பதால் அதற்குத் தள்ள இடம் உண்டு.

தொடரில் பொருத்தமில்லாத பம்ப் வேறு மாதிரி கெடுக்கும். அங்கே பார்க்க வேண்டியது அது எவ்வளவு நீரைக் கடக்கவிடும் என்பதை. வினாடிக்கு 5 லிட்டருக்கு மேல் தள்ளாத பம்பை 9 லிட்டர் ஓடும் வழியில் வைத்தால் அது பம்பாக இல்லாமல் ஒரு தடையாகத்தான் நிற்கும்.

பேரலல்ல குழாய் எப்படி இணைக்கணும்?

ஒவ்வொரு பம்புக்கும் தனி சக்‌ஷன் குழாய், தனி ஃபுட்வால்வு. ஒரே சக்‌ஷனைப் பிரித்து இரண்டுக்கும் கொடுத்தால் ஒன்றில் காற்று புகுந்ததும் இரண்டும் நிற்கும். ஒவ்வொரு டெலிவரியிலும் முதலில் என்.ஆர்.வி., அடுத்து கேட்வால்வு, பிறகு இணைப்பு. நேருக்கு நேர் மோதுகிற மாதிரி டீ போடாதீர்கள். ஒய் போடுங்கள், அல்லது இரண்டாவதைப் பக்கவாட்டில் சாய்வாகச் சேருங்கள். சேர்ந்த பிறகு வரும் குழாய்தான் மொத்த நீரையும் சுமக்க வேண்டும். அதைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் கூடவில்லை என்று புகார் சொல்பவர்கள்தான் அதிகம்.

சீரீஸ்ல ரெண்டாவது மோட்டாரை எங்க வைக்கறது? கிணத்து மேலயா, பாதி வழியிலயா?

கிணற்றடியில் இரண்டையும் வைப்பது எளிது. மின்சாரம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் குழாய் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். ஓடும்போது கேஜ் 4 கிலோதான் காட்டும், பயமில்லை. வயலில் யாராவது வால்வை மூடிவிட்டால் 7.5 கிலோவுக்கு ஏறும். 6 கிலோ குழாய் போட்டிருந்தால் பலவீனமான ஜாயின்ட்டில் பிளக்கும். எனவே கிணற்றடியிலிருந்து தாழ்வாகப் போகும் பகுதிக்கு 10 கிலோ குழாய் போடுங்கள். அல்லது 5 கிலோவில் திறக்கும் ரிலீஃப் வால்வு வைத்து, அதன் வெளியேற்றத்தைக் கிணற்றுக்கே திருப்புங்கள். இரண்டாவது பம்பின் கேசிங்கும் சீலும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வருவதே அழுத்தத்தோடு வரும் தண்ணீர்.

வழியில் வைத்தால் கிணற்றுப் பக்கக் குழாய்க்குச் சுமை குறையும். ஆனால் ‘பாதி வழி’ என்பதுதான் தவறு. நம் கிணற்றில் தொடராக ஓடும்போது முதல் பம்ப் கேஜில் 17.5 மீட்டர் கொடுக்கிறது. சீரான ஏற்றத்தில் 150 மீட்டர் போவதற்குள் உயரத்துக்கு 7.5 மீட்டரும் உராய்வுக்கு 12.4 மீட்டரும் செலவாகும்; மொத்தம் 19.9. கொடுத்ததைவிடச் செலவு அதிகம். இரண்டாவது பம்பின் வாயில் வெற்றிடம் உண்டாகும், ஜாயின்ட் வழியாகக் காற்று புகும், பம்ப் விட்டுவிட்டுத் தண்ணீர் தள்ளும். 90 மீட்டரில் வைத்தால் செலவு 12 மீட்டர், கையில் 5.5 மீட்டர் மிச்சம். இரண்டாவது பம்பின் வாயில் எப்போதும் அரைக் கிலோவாவது இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு கேஜ் நிரந்தரமாக இருக்கட்டும்.

ரெண்டையும் ஒரே நேரத்துல ஆன் பண்ணலாமா?

தொடரில் கூடாது. முதல் பம்பை ஓட்டி, இரண்டாவதன் வாயில் உள்ள கேஜ் ஏறி நிலைத்தபின் இரண்டாவதைப் போடுங்கள். நிறுத்தும்போது இரண்டாவது முதலில், முதலாவது கடைசியில். முதல் பம்ப் நின்று இரண்டாவது மட்டும் ஓடினால், அது நின்றுபோன பம்ப் வழியாக உறிஞ்ச முயன்று காற்றோடு சண்டை போடும். சீல் உலர்ந்து எரியும்.

ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்ததும் இரண்டு மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும். இரண்டாவது ஸ்டார்ட்டரின் காயிலுக்குப் போகும் ஒயரை முதல் ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் துணைத் தொடர்பு வழியாக எடுத்து, 20 வினாடி டைமர் ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் மோட்டார் டிரிப் ஆனால் இரண்டாவதும் தானே நிற்கும். ஓடும்போதே முதல் பம்பில் தண்ணீர் அறுந்தால் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதைத் துணைத் தொடர்பு கண்டுபிடிக்காது. அதற்காக இரண்டாவது பம்பின் வாயில் ஒரு பிரஷர் சுவிட்ச் தேவை.

இரண்டாவது பம்பைச் சுற்றி என்.ஆர்.வி.யுடன் ஒரு மாற்றுவழிக் குழாய் போட்டுவைத்தால், அது பழுதான நாளில் முதல் பம்பை மட்டுமாவது ஓட்டலாம்.

பக்க இணைப்பில் வரிசை முக்கியமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் சரியும். சில வினாடி இடைவெளி விடுவது நல்லது.

சீரீஸ்ல போட்டதுக்கு அப்புறம் முதல் மோட்டார்ல சரளைக்கல் உருள்ற மாதிரி சத்தம் வருது. ஏன்?

அது கேவிட்டேஷன். முன்பு வினாடிக்கு 6.6 லிட்டர் உறிஞ்சிய பம்ப் இப்போது 9.7 லிட்டர் உறிஞ்சுகிறது, அதே சக்‌ஷன் குழாய் வழியாக. சக்‌ஷன் உராய்வு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. பம்பின் வாயில் அழுத்தம் மிகவும் இறங்கி, தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவிக் குமிழாகி, இம்பெல்லரில் போய் உடைகிறது. அந்த உடைப்பின் சத்தம்தான் நீங்கள் கேட்பது. சில மாதத்தில் இம்பெல்லர் கறையான் அரித்தது போல ஆகும்.

டெலிவரி கேட்வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் உறுதி. சக்‌ஷன் குழாயை ஒரு அளவு பெரிதாக்குங்கள், ஃபுட்வால்வு சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள், பம்பை நீர்மட்டத்துக்கு அருகே இறக்க முடியுமா என்று பாருங்கள்.

ஆம்பியரையும் பார்த்துவிடுங்கள். கிணற்றில் பயன்படும் இந்த வகை சென்ட்ரிஃபியூகல் பம்பில் நீர் அதிகமானால் மோட்டாருக்குச் சுமையும் கூடும். அட்டவணையின் கடைசி வரியில், 110 மி.மீ. குழாயில் தொடராக ஓடும் பம்ப் ஒவ்வொன்றும் 13 மீட்டர் ஹெட்டில் 12 லிட்டர் தள்ளுகிறது. அது பெரும்பாலும் அந்தப் பம்ப் ஓட வேண்டிய எல்லைக்கு வெளியே. பெயர்ப்பலகை ஆம்பியரைத் தாண்டினால் ஓவர்லோட் ரிலேவைக் கூட்டி வைக்காதீர்கள், வால்வை மூடி நீரைக் குறையுங்கள்.

கரண்ட் போனா குழாயில பயங்கரமா ‘டொம்’னு அடிக்குது.

75 மி.மீ. குழாயில் 9.7 லிட்டர் என்றால் தண்ணீரின் வேகம் வினாடிக்கு 2.5 மீட்டர். பி.வி.சி.யில் 1.5 மீட்டரைச் சுற்றி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். மின்சாரம் அறுந்ததும் மேட்டுக்குப் போன தண்ணீர் திரும்பி ஓடிவந்து என்.ஆர்.வி.யை அறைகிறது. ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும். மேட்டின் உச்சியில் ஒரு ஏர் வால்வும் வையுங்கள்.

சொட்டுநீர் போட்டிருக்கேன். கடைசி வரிசைக்கு பிரஷர் பத்தல. எது உதவும்?

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கேஜ் பாருங்கள். வித்தியாசம் அரைக் கிலோவைத் தாண்டினால் ஃபில்டரைக் கழுவுவதுதான் வைத்தியம். அது சரியாக இருந்தும் அழுத்தம் போதவில்லை என்றால், ஒரே நேரத்தில் திறக்கும் வால்வுகளைக் குறைத்துப் பாருங்கள். மோட்டார் வாங்காமலே பிரச்சினை தீர நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு வால்வைத் திறந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால் ஹெட்தான் குறைவு. தொடர் இணைப்பு உதவும்.

பெரிய குழாய், பேரலல், ரெண்டு மோட்டார் எல்லாம் ரெடி. ஒரு மணி நேரத்துல காத்து பிடிக்குது.

இப்போது தடை கிணறு. வினாடிக்கு 15.4 லிட்டர் என்றால் மணிக்கு 55,000 லிட்டர். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஊற்று எதுவும் சேராவிட்டால் நீர்மட்டம் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 2 மீட்டர் இறங்கும். 5 மீட்டராக இருந்த சக்‌ஷன் உயரம் 7 மீட்டராகும். அந்த ஆழத்தில் சக்‌ஷன் ஜாயின்ட்டில் உள்ள சின்னக் கசிவுகூடக் காற்றை இழுக்கும். ஃபுட்வால்வுக்கு மேலே அரை மீட்டர் தண்ணீராவது இல்லையென்றால் சுழல் விழுந்து அங்கிருந்தும் காற்று வரும்.

கிணறு எவ்வளவு தரும் என்று அளக்க, மட்டம் இறங்கியதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, கயிற்றில் கல் கட்டி ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பாருங்கள். இதே கிணற்றில் 10 செ.மீ. ஏறினால் சுமார் 2,800 லிட்டர் ஊறியிருக்கிறது. மணிக்கு 70 செ.மீ. ஏறும் கிணறு 20,000 லிட்டர்தான் தரும். அதற்கு, பழைய 75 மி.மீ. குழாயில் மணிக்கு 24,000 லிட்டர் எடுக்கும் ஒற்றை மோட்டாரே அதிகம்.